அடித்த வரிகளை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தேன்

எங்கள் ஊர் முக்கூடல். அப்பா அங்கே நாற்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் துபாயில் ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, நோட்டில் அவர் எழுதியது அவருக்கே தெரியாமல் போனது. தம்பி கடையில் உட்கார ஆரம்பித்தான். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால் அவனால் சொல்ல முடியவில்லை. அப்பாவின் கடன் நோட்டை எக்செல்லில் ஏற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். ஐந்து வாரத்தில் முடித்தும் கொடுத்தேன். அந்தக் கணக்கை நம்பித் தம்பி வசூலுக்குப் போனதில், எங்களுக்கு 1,140 ரூபாய் மட்டுமே தரவேண்டிய ஒரு அக்கா, தன் கம்மலை அடகு வைத்து 3,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். எங்கே தவறினேன் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். வீட்டுக் கடையின் கணக்கை இப்படி ஏற்ற நினைக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் அந்த நோட்டு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சித்திரை விசு அன்று புதுக்கணக்கு போட்ட தேதி. அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் அப்பா அடிக்கோல் வைத்து நான்கு கோடு போட்டிருப்பார்: தேதி, பெயர், சாமான், ரூபாய். தேதி தமிழ் மாதத்தில். பெயர் என்றால் பெயர் இருக்காது; ‘வேம்படி வீடு’, ‘பம்புசெட் அண்ணாச்சி’, ‘வாய்க்கால்கரை ஆச்சி’ என்றுதான் இருக்கும். ஒரே ஆள் அடுத்தடுத்து வாங்கினால் பெயரைத் திரும்ப எழுத மாட்டார், ௸ என்று ஒரு சுழி போடுவார். மேற்படி என்று அர்த்தம். தாத்தாவிடம் கற்றது. பணம் வந்துவிட்டால் அந்த வரியைச் சிவப்பு மையில் கோடு போட்டு அடித்துவிடுவார். பக்கத்தின் அடியில், எழுதி முடித்த அன்றே போட்ட பக்கக் கூட்டு இருக்கும். இப்படி இரண்டு நோட்டு, 380 பக்கம், பக்கத்துக்குச் சுமார் இருபத்தைந்து வரி.

தம்பி கைபேசியில் படம் எடுத்து அனுப்பினான். வேலை முடிந்து அறைக்கு வந்து சாப்பிட்டு, இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பதினொன்றரை வரை தட்டச்சு செய்வேன். அறையில் என்னோடு மூன்று பேர். விளக்கு அணைந்ததும் திரை வெளிச்சத்தில் அப்பாவின் கையெழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். மொத்தம் ஒன்பதாயிரத்துக்கு மேல் வரி. இந்த வேகத்தில் மூன்று மாதம் ஆகும். தம்பியோ சீக்கிரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதனால் இரண்டு முடிவு எடுத்தேன். பாக்கிதானே வேண்டும், அடித்த வரிகளை ஏன் ஏற்ற வேண்டும், அதை விட்டுவிடலாம். பாக்கித் தொகைக்குச் சாமான் பெயர் எதற்கு, அந்தப் பத்தியையும் விட்டுவிடலாம். அடிக்காத வரிகள் மட்டும் என்றால் 2,600 சொச்சம்தான். அப்போது இரண்டுமே எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தன.

முதல் தடுமாற்றம் தொகையில் வந்தது. அப்பா பைசாவுக்குப் புள்ளி வைக்க மாட்டார், சிறு கோடு போடுவார். கிலோ 50 ரூபாய் வெல்லம் கால் கிலோ என்றால் 12-50, முக்கால் கிலோ என்றால் 37-50. நானும் பார்த்ததை அப்படியே அடித்துக்கொண்டு போனேன். 12-50 என்று அடித்ததும் எக்செல் அதை 1950 டிசம்பர் என்று எடுத்துக்கொண்டு `Dec-50` என்று காட்டும். தூக்கக் கலக்கத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் பத்தி முழுவதையும் எண் வடிவத்துக்கு மாற்றியபோது அந்தத் தடயமும் போய், 18,598 என்று நின்றது. தேதியை எக்செல் உள்ளே நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கும். 1950 டிசம்பர் 1-க்கு அந்த எண் 18598. பன்னிரண்டரை ரூபாய் வெல்லம் பதினெட்டாயிரம் ஆகிவிட்டது. 37-50 கதை நேர் எதிர். முப்பத்தேழாவது மாதமோ நாளோ இல்லாததால் அது வெறும் எழுத்தாக நின்றுவிட்டது. எழுத்தை `SUM` கூட்டாது, தவறு என்றும் சொல்லாது. ஆக மொத்தத்தில் சில இடத்தில் ஏறியும் சில இடத்தில் இறங்கியும் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க மூன்று இரவு போனது. ஏறியது பெரிய தொகை என்பதால் கண்ணில் பட்டது. இறங்கியதைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஓரத்தைப் பார்ப்பது: நீங்கள் எதுவும் மாற்றாத பத்தியில் எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். நீங்கள் செய்யும்போது நோட்டில் கோடு இருந்தாலும் புள்ளி வைத்தே அடியுங்கள். தொகைப் பத்தியின் அகலத்தைப் பெரிதாக வைத்து, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஒருமுறை ஓரத்தைப் பாருங்கள். வடிவம் மாற்றுவதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைச் சரிசெய்தபின், தம்பியிடம் ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்காத வரிகளை மட்டும் கால்குலேட்டரில் கூட்டி அனுப்பச் சொன்னேன். 380 பக்கத்தையும் ஒரு வாரத்தில் கூட்டி அனுப்பினான். என் கூட்டும் அவன் கூட்டும் பைசா பிசகாமல் ஒத்து வந்தன. “எக்கா, மொத்தம் அப்படியே வந்துட்டுக்கா” என்று அவன் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேற்படிச் சுழி இருந்த இடங்களில் மேலே உள்ள பெயர் தானாக விழும்படி சூத்திரம் போட்டு, ஆள்வாரியாகப் பாக்கிப் பட்டியல் எடுத்து அனுப்பினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்துத்தான் அப்பாவிடம் பேசும்போது விஷயம் வெளியே வந்தது. ஒரு கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். வசூல் எப்படிப் போகிறது என்று கேட்டேன். தம்பி பக்கத்திலிருந்து, வேம்படி வீட்டு அக்கா 4,865-ல் 3,000 தந்துவிட்டார்கள் என்றான். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “வேம்படி வீட்டுக்கு அவ்வளவு வராதே தாயி. என்ன சாமான் போட்டிருக்கு, வாசி” என்றார். சாமான் பத்தியை நான் ஏற்றவில்லை என்று சொன்னேன். “அப்ப நோட்டை எடுத்துட்டு வாலே” என்று தம்பியிடம் சொன்னார். பெரிய தொகை எந்தப் பக்கத்தில் என்று நான் பார்த்துச் சொல்ல, தம்பி இரண்டாம் நோட்டின் 61-ஆம் பக்கத்தை எடுத்து வரிவரியாக வாசித்தான்.

அந்தப் பக்கத்தில் ஐந்து வரி இப்படி இருந்தது. வேம்படி வீடு, 185. அடுத்து பம்புசெட் அண்ணாச்சி, 640, இது சிவப்பில் அடித்தது. அடுத்து ௸, தவிடு ஒரு மூட்டை, 1,250. அடுத்து ௸, 375. அடுத்து வாய்க்கால்கரை ஆச்சி, 90. அண்ணாச்சி 640-ஐக் கொடுத்துவிட்டார், அதற்குக் கீழே உள்ள இரண்டும் பாக்கி. சிவப்பில் அடித்த வரியை நான் விட்டுவிட்டு ஏற்றியதால், அண்ணாச்சியின் பெயர் இருந்த ஒரே வரி போய்விட்டது. அதற்குக் கீழே இருந்த இரண்டு மேற்படியும் வேம்படி வீட்டுக்கு நேர் கீழே வந்து நின்றன. சூத்திரம் அதன் வேலையைச் சரியாகச் செய்து, 185 ஆக இருந்ததை 1,810 ஆக்கியது. பக்கத்தின் பாக்கி முன்னாலும் 1,900, பின்னாலும் 1,900. அதனால்தான் தம்பியின் கூட்டும் என் கூட்டும் ஒத்து வந்தன. இந்த ஒரு பக்கத்தில் அக்காவின் தலையில் கூடுதலாக 1,625. வேறு இரண்டு பக்கங்களில் இதே மாதிரி 2,100. ஆக 1,140 என்பது 4,865 ஆகிவிட்டது.

“பீடி சுத்துத வீட்ல மாடு ஏதும்மா, தவிட்டு மூட்டை எதுக்கு வாங்குதா?” என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் ஊரில் கடன் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. பீடி சுற்றுகிற வீடுகளுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, வாரத்துக்கு ஒரு நாள் கையில் வரும். அவர்கள் கணக்கு சின்னச் சின்ன வரிகளாக ஏறும், வாராவாரம் அடிபடும். வயல்காரர்கள் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்தின் அறுப்புக்கும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். பாபநாசம் அணையில் காருக்குத் தண்ணீர் திறக்காத வருடம் என்றால் அவர்கள் வரிகள் பிசானம் வரை அப்படியே நிற்கும். வாரக்காரர் பெயரில் ஆயிரத்துக்கு மேல் ஒரே வரி இருந்தால் அது அவருடையதாக இருக்காது. அப்பாவுக்கு நோட்டைப் பார்க்காமலே இது தெரியும். சாமான் பத்தியை ஏற்றியிருந்தால் எனக்கும் கண்ணில் பட்டிருக்கும். மொத்தம் ஒத்துவந்தால் கணக்கு சரி என்று ஆகாது, ஒருவர் பற்றை இன்னொருவர் பெயரில் எழுதினால் இருப்பாய்வு அதைக் காட்டாது என்பதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன். அலுவலகத்தில் இதைத் தினமும் பார்க்கிறவள் நான். அப்பாவின் நோட்டு என்றதும், சின்னக் கணக்குதானே என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

அந்த அக்கா தம்பியிடம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் கணக்கு, அதுவும் வெளிநாட்டில் இருக்கிற மகள் போட்டது, அதில் தப்பு இருக்காது என்று நினைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் ஒரு பற்று நோட்டு இருக்கிறது. சாமான் வாங்கும்போதெல்லாம் அப்பா அதிலும் எழுதிக் கொடுப்பார். தம்பி அதைக் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நான் சொல்லவும் இல்லை. மறுநாள் காலையில் அப்பா, கண்ணில் பச்சைத் துணியோடு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். 3,000 ரூபாயையும் அப்படியே திருப்பிக் கொடுத்து, நூற்றுக்கு இரண்டு வட்டி என்று ஒரு மாதத்துக்கு 60 ரூபாயும் வைத்து, கம்மலை முதலில் மீட்டுக்கொள்ளச் சொன்னார். நான் போனில் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல பிள்ள, நீ என்ன வேணும்னா செஞ்ச” என்றார் அக்கா. எனக்கு அதற்குமேல் பேச வரவில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இந்தமுறை மூன்று மாதம் ஆனது. ஒரு இரவுக்கு நூறு வரிக்கு மேல் அடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதற்குமேல் போனால் 540 என்பது 450 ஆகிறது. (கூட்டில் வரும் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இப்படி இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.) அடித்த வரி, அடிக்காத வரி எல்லாம் ஏறின. அடித்ததற்குத் தனியாக ஒரு பத்தி வைத்து அதில் ‘அடித்தது’ என்று குறித்தேன். இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. அப்பா பக்கத்தின் அடியில் போட்டிருந்த கூட்டு, சிவப்புக் கோடு விழுவதற்கு முன்பு எல்லா வரிக்கும் சேர்த்துப் போட்டது. முதல்முறை அது எனக்குப் பயன்படவே இல்லை. இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் அவர் கூட்டோடு ஒப்பிட்டு, ஒத்து வந்தபிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். ஒரு வரி விட்டுப்போனாலும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் மூன்று பத்தியை நோட்டு எண், பக்க எண், வரி எண் என்று வைத்தேன். இது மிக முக்கியம். எந்த வரியைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் தம்பியிடம் ‘இரண்டு, 61, பதினான்கு’ என்று சொன்னால் அவன் நோட்டில் விரலை வைத்துவிடுவான். அட்டவணை எப்படிக் கலைந்தாலும் இந்த மூன்றையும் வைத்துப் பழையபடி வரிசைப்படுத்திவிடலாம். நான்காவது பத்தியில், அதாவது `D`-யில், பெயரை நோட்டில் உள்ளபடியே, மேற்படியோடு அடித்தேன். `E`-யில் முழுப்பெயர். அதற்கான சூத்திரம் இது:

```
=IF(TRIM(D2)="௸",E1,D2)
```

`TRIM` எதற்கென்றால், ௸ பக்கத்தில் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால் எக்செல்லுக்கு அது வேறு எழுத்தாகிவிடும், சுழியே பெயராக நின்றுவிடும். சுழி கைபேசி விசைப்பலகையில் கிடைக்கவில்லை என்றால் ‘மே’ என்று ஒரே மாதிரி அடித்து, சூத்திரத்திலும் அதையே போடுங்கள். இன்னொன்று, இந்தச் சூத்திரம் மேல்வரியைப் பார்த்து எழுதுகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு அட்டவணையைப் பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால், மேல்வரி மாறிப் பெயர்களும் மாறிவிடும். அதனால் பெயர்கள் விழுந்ததும் `E` பத்தி முழுவதையும் நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டிவிட வேண்டும் (`Paste Special` > `Values`). அதுவரை வரிசைப்படுத்தவே கூடாது.

தேதியைப் பற்றி ஒன்றே ஒன்று. தமிழ்த் தேதியை நோட்டில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதி வேண்டும் என்றால் இரண்டும் அச்சிட்ட பழைய தினசரிக் காலண்டரைப் பார்த்து ஏற்றுங்கள். நான் முதலில் தை ஒன்றில்தான் ஆங்கில வருடத்தை மாற்றினேன். மார்கழியின் பிற்பாதி ஜனவரியில் வரும் என்பதை யோசிக்காததால், அந்த இரண்டு வார வரிகள் எல்லாம் ஒரு வருடம் பழைய கடனாகிவிட்டன.

இவ்வளவு செய்தும் சூத்திரத்தால் பிடிக்க முடியாத ஒரு வகை இருந்தது. அண்ணாச்சிக்குச் சாமான் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் வேறொருவர் வந்து தீப்பெட்டி வாங்கியிருப்பார். அப்பா அதை ஒரு வரியில் எழுதிவிட்டு, திரும்ப அண்ணாச்சிக்கு ௸ போட்டிருப்பார். அவர் மனதில் மேற்படி என்றால் அண்ணாச்சி, நோட்டில் மேலே இருப்பது தீப்பெட்டிக்காரர். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிதான் உண்டு. ஒன்று சாமானைப் பார்ப்பது, ஆளுக்குப் பொருந்துகிறதா என்று. மற்றது வீட்டில் இருக்கும் பற்று நோட்டு. இந்தமுறை பட்டியலைத் தம்பியிடம் கொடுக்கும்போது, யாரிடமும் தொகையைச் சொல்லாதே, முதலில் அவர்கள் நோட்டை வாங்கி நம் கணக்கோடு வரிவரியாகப் பார், இரண்டும் ஒத்தால் மட்டும் தொகையைச் சொல் என்றேன். நாற்பத்து மூன்று வீடுகளில் ஆறு வீட்டுக் கணக்கு ஒத்து வரவில்லை. ஆறிலும் அவர்கள் நோட்டுதான் சரி.

நோட்டு இல்லாத வீடுகளின் வரிகளை நான் போனில் வாசிக்க வாசிக்க அப்பா ஆளைச் சொன்னார். வெள்ளிக்கிழமை என்றால் இவர் வீடு, கொள்ளு என்றால் வண்டிமாடு வைத்திருந்த அவர், இப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் இதிலேயே போகும். முன்பெல்லாம் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும் எங்கள் பேச்சு. சில வரிகளை வாசித்ததும், “அதைக் கேட்கண்டாம்மா” என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார். அதற்கும் ஒரு பத்தி சேர்த்தேன்.

கடைசியில் பதினொரு வரி மிச்சம் இருந்தது. மொத்தம் 2,385 ரூபாய். எல்லாம் மேற்படிதான், யார் என்று அப்பாவுக்கும் பிடிபடவில்லை. அலுவலகமாக இருந்தால் அனாமத்தில் போட்டு வைப்போம், என்ன செய்யட்டும் என்று கேட்டேன். “யார் தலையிலயும் எழுதாத. என் பேர்ல எழுது” என்றார். அந்தப் பதினொரு வரியிலும் `E` பத்தியில் அப்பாவின் பெயர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘அடித்தது’ என்று குறித்திருக்கிறேன்.